ஒரு முகம், ஓர் ஊஞ்சல்: தொடர்பில்லாத இரண்டு கிளிப்புகளை ஒட்டிப் பொருள் வரவைப்பது எப்படி

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரின் முகத்தை 20 நொடி எடுத்து வைத்திருந்தேன். வேறொரு நாள் எடுத்த, ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலும் கைவசம் இருந்தது. இரண்டையும் ஒட்டினால் பேரப்பிள்ளையை நினைத்துக்கொள்ளும் தாத்தா கிடைப்பார் என்று கணக்குப் போட்டேன். முகம் முதலில், ஊஞ்சல் அடுத்து. போட்டுக் காட்டிய முதல் ஆளே கேட்டார்: "யாருங்க இந்த ஆளு? குழந்தையை என்ன பண்ணினான்?"

இசையை மாற்றினேன், நிறத்தை இளமஞ்சளாக்கினேன், ஊஞ்சலை மெதுவாக ஓடவிட்டேன். இரண்டு வார இறுதிகள் இப்படியே போயின. கடைசியில் சலிப்பில் இரண்டு கிளிப்பையும் இடம் மாற்றிப் போட்டேன். அடுத்துப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாவம், பிள்ளையைப் பறிகொடுத்துட்டாரா?" என்றார். அதுவும் நான் நினைத்தது இல்லை. ஆனால் கோளாறு இசையிலும் நிறத்திலும் இல்லை, வரிசையில்தான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நீங்களும் அப்படி இரண்டு வார இறுதிகளை வீணாக்க வேண்டாம் என்பதற்காக, இப்போது நான் செய்யும் முறையை அப்படியே எழுதுகிறேன்.

1. தனியாக எதுவும் சொல்லாத கிளிப்புகளை எடுங்கள்

முதலில் ஒரு தாளில், ஒவ்வொரு கிளிப்பும் தனியாக என்ன சொல்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். "பெரியவர் ஒருவர் ஜன்னல் பக்கம் பார்க்கிறார்" என்று வந்தால் நல்லது. "பெரியவர் ஒருவர் ஏங்குகிறார்" என்று வந்தால் அந்தக் கிளிப் உங்களுக்கு உதவாது. ஏக்கத்தை அதுவே சொல்லி முடித்துவிட்டது. பக்கத்தில் எதை வைத்தாலும் அந்த ஏக்கத்துக்குக் காரணம் சொல்வதாகத்தான் அமையும், புதிதாக ஒன்றும் பிறக்காது.

முகம் எடுக்கும்போது நடிக்கச் சொல்லாதீர்கள். "சோகமாகப் பாருங்கள்" என்ற சொல் வாயில் வரவே கூடாது. ஏதாவது கணக்கு கொடுங்கள்: 100-இலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே மனத்துக்குள் எண்ணச் சொல்லுங்கள். முகம் உயிரோடு இருக்கும், உணர்ச்சி எதுவும் ஒட்டியிருக்காது. 20 நொடிக்குக் குறையாமல் எடுங்கள். அதில் மூன்று அசைவுகள் கட்டாயம் வேண்டும்: கண்கள் திரையில் தெரியும் பரப்புக்கு வெளியே ஒரு புள்ளியில் போய் நிற்பது, கண்கள் கீழே தாழ்வது, ஒரு முழு இமைப்பு. இவை எதற்கு என்பது 4-ஆம் படியில் தெரியும்.

பொருளை எடுக்கும்போது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஓட்டத்தில் எடுங்கள். ஊஞ்சலை ஒரு முறை தள்ளிவிட்டு, அது தானாக நிற்கும்வரை கேமராவை நிறுத்தாதீர்கள். நான் முதல் முறை பத்து நொடியோடு நிறுத்திவிட்டேன். பிறகு அடங்கி நிற்கும் ஊஞ்சல் தேவைப்பட்டபோது, அதே வெளிச்சத்துக்காக இன்னொரு நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இரண்டையும் ஒரே ஃபிரேம் வேகத்தில் எடுப்பதும் முக்கியம். ஒன்று நொடிக்கு 25, மற்றது 30 என்றிருந்தால் ஒன்றில் அசைவு லேசாகத் திக்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் இரண்டும் வேறு வேறு வீடியோவிலிருந்து வந்தவை என்று மனசு பிரித்துவைத்துவிடும்.

2. மூன்று வரிசைகளையும் ஒரே நாளில் கட்டுங்கள்

எடிட்டிங் மென்பொருளில் மூன்று டைம்லைன், அதாவது கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டைகள், உருவாக்குங்கள். முகம்–ஊஞ்சல். ஊஞ்சல்–முகம். முகம்–ஊஞ்சல்–முகம். மூன்றிலும் ஒவ்வொரு துண்டும் 3 நொடி, அதாவது 25 ஃபிரேம் வேகத்தில் 75 ஃபிரேம். ஒலியை முழுவதும் அணைத்துவிடுங்கள். டிசால்வ் போடாதீர்கள். ஒரு படம் கரைந்து இன்னொன்று வந்தாலே "காலம் போயிற்று" அல்லது "நினைத்துப் பார்க்கிறார்" என்று பார்ப்பவர் முடிவு கட்டிவிடுவார். அப்புறம் வரிசை என்ன செய்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

ஒன்றை மட்டும் கட்டி அதையே மெருகேற்றிக்கொண்டிருப்பதுதான் புதிதாக வருபவர்கள் எல்லாரும் விழும் குழி. நானும் அதில்தான் கிடந்தேன். மூன்றும் அருகருகே இருந்தால்தான் எது கோளாறு என்று கண்ணுக்குத் தெரியும்.

3. ஒவ்வொரு வரிசையிலும் என்ன நடக்கிறது என்று பாருங்கள்

முகம் முதலில் வந்தால், அடுத்து வருவது அந்த முகத்தின் சொத்து. அவர் பார்க்கிறார், நாம் அவர் கண் வழியே ஊஞ்சலைப் பார்க்கிறோம். ஊஞ்சல் என்ன ஆயிற்று என்பதைவிட, இவர் ஏன் அதைப் பார்க்கிறார் என்ற கேள்விதான் எழும். முன்பின் தெரியாத ஒரு ஆள், உணர்ச்சியில்லாத முகம், குழந்தை இருக்க வேண்டிய இடம். இதை வைத்து நல்லெண்ணத்தோடு கதை கட்ட யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. படமும் ஊஞ்சலோடு முடிந்துவிடுகிறது. கேள்வி எழுந்தது, பதில் வரவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் சந்தேகம் வந்து உட்கார்ந்தது.

ஊஞ்சல் முதலில் வந்தால் யாருடைய கண்ணும் அதன்மேல் இல்லை. ஊஞ்சல் ஆடியது, அதில் யாரும் இல்லை; அவ்வளவுதான் நமக்குத் தெரியும். நமக்கு அது அவருக்கு முன்பே தெரிந்துவிட்டது. அடுத்து வரும் முகம் அந்தச் செய்தியைச் சுமக்கும் முகமாகிவிடுகிறது. அதே முகம்தான், ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. முன்னதில் பார்க்கிறவர், பின்னதில் இழந்தவர். வரிசையில் முந்தியது நேரத்திலும் முந்தியது என்று நாம் எடுத்துக்கொள்வதால், "யாரோ போன பிறகு" என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது.

மூன்றாவது வரிசையில் முகம் திரும்ப வருகிறது. முதல் முகம் கேட்ட கேள்விக்கு இரண்டாவது முகம் பதில் சொல்ல வேண்டும். அதனால் பார்ப்பவர் அந்த இரண்டாவது முகத்தைத் துருவித் துருவிப் பார்ப்பார். அங்கே இல்லாததும் அவருக்குத் தெரியும். உதட்டோரம் லேசாக அசைந்திருந்தால் புன்னகை, அசையாவிட்டால் துக்கம். நான் தேடிய தாத்தா இந்த வரிசையில்தான் கிடைத்தார். ஆனால் அவரைக் கொண்டுவந்தது வரிசை மட்டும் இல்லை, ஒரு கிளிப்பை வெட்டி அடுத்ததற்குத் தாவும் கட் விழுந்த இடமும் சேர்ந்து. அதை அடுத்த படியில் சொல்கிறேன்.

பக்கத்தில் வரும் காட்சியைப் பொறுத்து ஒரே முகத்தில் வேறு வேறு உணர்ச்சி தெரிவதற்குக் குலெஷோவ் விளைவு என்று பெயர். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டிக் காட்டியதாகச் சொல்லும் கதையை எல்லா எடிட்டிங் வகுப்பிலும் கேட்கலாம். அதை மந்திரம் மாதிரி நம்பிவிடாதீர்கள். 1992-இல் ஸ்டீபன் பிரின்ஸும் வெய்ன் ஹென்ஸ்லியும் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது, கதையில் வரும் விளைவு கிடைக்கவில்லை. ஏதோ ஒரு முகத்தையும் ஏதோ ஒரு பொருளையும் பக்கத்தில் வைத்தால் தானாகவே பொருள் பிறந்துவிடாது. இரண்டுக்கும் நடுவே ஓர் இணைப்பு வேண்டும். பெரும்பாலும் அந்த இணைப்பு பார்வைதான்.

4. கட் எந்த ஃபிரேமில் போடுவது

அதிக நேரம் இங்கே செலவழியுங்கள்.

முகத்தில் மூன்று அசைவு கேட்டேன் அல்லவா? கண்கள் ஒரு புள்ளியில் போய் நின்ற பிறகு 8 முதல் 12 ஃபிரேம் விட்டுக் கட் போட்டால், அடுத்து வருவது அவர் எதிரே இருக்கும் பொருள். கண்கள் கீழே தாழ்ந்த பிறகு கட் போட்டால், அடுத்து வருவது அவர் மனத்தில் இருப்பது. இமை மூடித் திறப்பதற்குள் கட் போட்டால் இரண்டுக்கும் நடுவில் ஒரு தடை விழுந்து, இணைப்பே சற்று தளர்கிறது. எனக்கு வந்த முதல் "யாருங்க இந்த ஆளு" கட் விழுந்த இடத்தால்தான். பெரியவர் இடது பக்கமாகக் கண்ணைத் திருப்பி உற்றுப் பார்த்த கணத்தில் வெட்டியிருந்தேன். அவர் ஊஞ்சலுக்கு எதிரிலேயே, ஒளிந்து நிற்பது போல் ஆகிவிட்டது.

கண் தாழ்ந்த இடத்துக்குக் கட் புள்ளியை நகர்த்தினேன். டைம்லைனில் மொத்தம் 31 ஃபிரேம் தள்ளினேன், ஒன்றேகால் நொடிக்குச் சற்று குறைவு. ஒளிந்து நின்றவர் நினைத்துக்கொண்டிருப்பவர் ஆனார்.

ஊஞ்சல் பக்கமும் இதே கவனிப்பு வேண்டும். வீச்சு பெரிதாக இருக்கும் இடத்தில் கிளிப்பைத் தொடங்கினால், யாரோ இப்போதுதான் இறங்கி ஓடியிருக்கிறார். வீச்சு சுருங்கி, நிற்கப்போகும் இடத்தில் தொடங்கினால், போய் நெடுநேரம் ஆயிற்று. ஊஞ்சல்–முகம் வரிசையில் என் இரண்டாவது பார்வையாளர் பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்று சொன்னதற்குக் காரணம், நான் நிற்கப்போகும் துண்டைப் போட்டிருந்ததுதான். அதே வரிசையில் பெரிய வீச்சைப் போட்டபோது இன்னொருவர் "பேரன் எங்கேயோ ஓடிட்டான், தேடறாரு" என்றார். அதில் சாவு இல்லை.

கேமராவின் உயரமும் பேசும். ஊஞ்சலைப் பெரியவரின் கண் உயரத்திலிருந்து எடுத்திருந்தால் அது அவர் பார்க்கும் ஊஞ்சல். தரையோடு ஒட்டி எடுத்திருந்தால் அங்கே நின்று யாரும் பார்க்க முடியாது, அதனால் அது அவருடைய பார்வையிலிருந்து விடுபடும். நினைவாகக் காட்ட வேண்டும் என்றால் தரை மட்டத்தில் ஒரு முறை, கண் மட்டத்தில் ஒரு முறை என்று இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் போவதைவிட இது மலிவு.

கடைசியாக நீளம். மூன்று துண்டையும் சமமாக வைத்ததெல்லாம் சோதனைக்கு மட்டும். முடிக்கும்போது என் அளவு இப்படி இருந்தது: முதல் முகம் 2 நொடி, ஊஞ்சல் 4 நொடி, திரும்ப வரும் முகம் 5 நொடி. திரும்ப வரும் முகம் 2 நொடியில் முடிந்தால் பார்ப்பவருக்கு அதில் எதையும் தேட நேரமில்லை. 8 நொடியைத் தாண்டினால் தேடி முடித்துவிட்டு, "அடுத்து என்ன?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்.

5. ஓர் ஆளுக்கு ஒரு வரிசை மட்டும்

ஒருவரிடமே இரண்டு வரிசைகளைக் காட்டி "எது நல்லா இருக்கு?" என்று கேட்காதீர்கள். இரண்டாவதைப் பார்க்கும்போது முதலாவது அவர் மனத்தில் இருக்கும். அவர் பார்ப்பது அப்போது முகம்–ஊஞ்சல்–ஊஞ்சல்–முகம் என்ற நான்காவது வரிசை. ஒரு முறை கெட்டுப்போன பார்வையாளரைத் திரும்பச் சரிசெய்ய முடியாது, அதனால் ஆட்களைச் சிக்கனமாகச் செலவழியுங்கள். ஒரு வரிசைக்கு மூன்று பேர் என்று மொத்தம் ஒன்பது பேர் போதும்.

"சோகமா இருந்ததா?" என்று கேட்டால் "ஆமா" என்பார்கள். கேட்கவேண்டியது ஒன்றுதான்: "என்ன நடந்தது, சொல்லுங்க." சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், விளக்கம் கொடுக்காதீர்கள். மூவரும் சொல்லும் கதைகள் வேறு வேறாக இருந்தாலும் உணர்வு ஒன்றாக இருந்தால் உங்கள் வரிசை வேலை செய்கிறது. உணர்வே மூன்று விதமாக வந்தால் 4-ஆம் படிக்குத் திரும்புங்கள். "ஒரு பெரியவர், ஒரு ஊஞ்சல்" என்று பட்டியல் மட்டும் வந்தால் இரண்டும் ஒட்டவே இல்லை என்று பொருள். அப்போது பார்வையின் திசையையும் வெளிச்சத்தையும் சரிபாருங்கள். முகத்தில் காலை வெயிலும் ஊஞ்சலில் மேகமூட்டமும் இருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

6. ஒலி கடைசியில்

வரிசை முடிவான பிறகுதான் ஒலியைத் திறக்க வேண்டும். இசையை முதலில் போட்டால் என்ன உணர வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும், எந்த வரிசையும் சரியாகத்தான் தோன்றும்.

ஊஞ்சல் சங்கிலியின் கிறீச் சத்தம் மட்டும் என்னிடம் இருந்தது. அதை முதல் முகத்தின் கடைசி ஒரு நொடியிலேயே தொடங்கவிட்டேன். முகத்தில் சலனம் இல்லை, சத்தம் மட்டும் வருகிறது. ஊஞ்சல் தெரிவதற்கு முன்பே அவர் அதைக் கேட்கிறார் என்றாகிவிடுகிறது. திரும்ப வரும் முகத்தில் அந்தச் சத்தத்தை நிறுத்தாமல் விட்டால் ஊஞ்சல் இன்னும் அவருக்குள் ஆடுகிறது. கட்டோடு சேர்த்து அறுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நான் இரண்டு நொடி ஓடவிட்டு மெல்ல அடக்கினேன்.

7. அனுமதிக் கடிதமும் உரிமமும்

இதை நான் தாமதமாகத்தான் யோசித்தேன். பெரியவர் தன் முகத்தை எடுக்கச் சம்மதித்திருந்தார். குழந்தையைக் கடத்தியவராகத் தோன்றச் சம்மதிக்கவில்லை. அந்த முதல் வடிவம் வெளியே போயிருந்தால், அவர் எந்தத் தவறும் செய்யாமலேயே ஊரார் வாயில் விழுந்திருப்பார்.

அதனால் கடிதத்தில் பெயர், தேதி, எந்தக் கிளிப் என்பதோடு இரண்டு வரிகளைச் சேர்க்கிறேன்: "இந்தக் காட்சி இதனோடு தொடர்பில்லாத வேறு காட்சிகளுக்குப் பக்கத்தில் வைக்கப்படும். அப்படி வைத்த வடிவத்தை வெளியிடும் முன் எனக்குக் காட்ட வேண்டும்." கையெழுத்தைப் படப்பிடிப்பு அன்றே வாங்கிவிடுங்கள். எடிட் முடிந்த பிறகு போனால் சங்கடம் உங்களுக்குத்தான். தனிநபர் படம் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் இடத்து விதியை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே எடுத்த கிளிப்புகளை உரிமத்தோடு தரும் ஸ்டாக் தளத்திலிருந்து கிளிப் எடுப்பவர்கள் உரிமத்தில் இரண்டு இடங்களைத் தேடிப் படியுங்கள். செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று குறித்த கிளிப்பை விளம்பரத்தில் வைக்கக் கூடாது. அடையாளம் தெரியும் ஆளைக் குற்றம், நோய் போன்றவற்றோடு சேர்த்துக் காட்டுவதைப் பல தளங்கள் தடுக்கின்றன, அல்லது அவர் நடிகர் என்று குறிப்பு போடச் சொல்கின்றன. உங்கள் இரண்டாவது கிளிப்தான் அந்தக் குற்றத்தைக் கொண்டுவருகிறது என்றாலும் விதி பொருந்தும். எடுத்தவரே மற்றவர்கள் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் `ND` என்ற எழுத்துகள் இருந்தால், அந்தக் கிளிப்பை மாற்றியமைத்து வெளியிட அனுமதி இல்லை, அதை ஒதுக்கிவிடுங்கள். `BY` என்றால் எடுத்தவர் பெயரைப் போட வேண்டும்.

8. செலவும் நேரமும்

கைப்பேசியும் ஒரு முக்காலியும் இருந்தால் பணச் செலவு ஏறக்குறைய இல்லை. வெட்டி ஒட்டுவதற்கு இலவச மென்பொருள் எதுவும் போதும். போவது நேரம்தான். எனக்கு இப்போது ஆகும் கணக்கு: இரண்டு கிளிப்பும் எடுக்க அரை நாள், மூன்று டைம்லைன் கட்ட ஒரு மணி நேரம், கட் இடம் தேட ஒரு மாலை. ஒன்பது பேரிடம் காட்ட ஒரு வாரம் ஆகிறது, ஏனென்றால் அவரவர் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும். அந்த ஒரு வாரத்தைச் சுருக்கலாம் என்று கைப்பேசியில் அனுப்பிவைத்தேன். பாதிப் பேர் பேருந்தில் உட்கார்ந்து, மூன்று முறை திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பதில்கள் எதற்கும் பயன்படவில்லை.

9. வெளியிடும்போது வரிசை மாறிவிடாமல் பாருங்கள்

வீடியோவைத் தொடுவதற்கு முன்பு பார்ப்பவர் கண்ணில் படுவது முகப்புப் படம். அதுதான் உண்மையில் உங்கள் முதல் ஷாட். தளம் தானாக ஊஞ்சலை முகப்பில் வைத்துவிட்டால், முகம்–ஊஞ்சல்–முகம் என்று நீங்கள் கட்டியது ஊஞ்சலில் தொடங்கிவிடும். முகப்பில் முதல் முகத்தையே வையுங்கள். தலைப்பும் இப்படித்தான். "காணவில்லை" என்று ஒரு சொல் மேலே இருந்தால் பெரியவர் மறுபடி சந்தேகத்துக்குரியவர் ஆகிவிடுவார்.

குறு வீடியோக்கள் முடிந்ததும் தாமாகவே முதலிலிருந்து ஓடும். இரண்டு கிளிப் மட்டும் உள்ள வீடியோ அங்கே முகம்–ஊஞ்சல்–முகம்–ஊஞ்சல் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். எது முதல், எது கடைசி என்பதே இருக்காது. கடைசியில் 2 நொடி வெறும் கறுப்பு வைத்தால் அந்தச் சுற்று அறுபடும். ஏற்றிய பிறகு, உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, வேறொரு கைப்பேசியில் ஒரு முறை ஓடவிட்டு, கறுப்பு அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.